ஆடித் தள்ளுபடி ஸ்டிக்கர் மட்டும் இருக்கு, பழைய டேக் விலையைக் கண்டுபிடிக்கணும்: 25 சதவீதத்தைத் திரும்ப ஏத்தினா போதுமா?

மல்லி_கடைக்கணக்கு (கோவில்பட்டி)

எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பா சின்னதா ஒரு ரெடிமேட் கடை வச்சிருக்கார். கணக்கு வழக்கு என் பொறுப்பு. ஆடிக்கு எல்லாச் சட்டைக்கும் 25% தள்ளுபடி போட்டோம். கடைப் பிள்ளைங்க பழைய அட்டையைக் கிழிச்சுப் போட்டுட்டு, தள்ளுபடி விலையை மட்டும் எழுதி ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க. இப்போ ஆடி முடிஞ்சாச்சு, மிச்சம் கிடக்கிற சரக்குக்குப் பழைய விலையைத் திரும்ப ஒட்டணும்.

எங்க கடையில ரொம்ப வருஷமா இருக்கிற அண்ணன், "25 குறைச்சோம், 25 ஏத்து, அவ்வளவுதானே" என்கிறார். அப்பாவும் தலையாட்டுறார். ₹520 ஸ்டிக்கர் போட்ட ஒரு சட்டைக்கு அப்படிப் போட்டுப் பார்த்தேன், ₹650 வந்தது. ஆனா எங்க கடையில 650-ன்னு ஒரு விலையே கிடையாது. டேக் எல்லாம் 595, 645, 695, 745-ன்னு 45-லயோ 95-லயோதான் முடியும். எங்கேயோ இடிக்குது. எப்படிச் சரியாப் போடுறது?

---

திண்ணை_மாமா

இதுல என்னம்மா குழப்பம்? 695-க்கு 25% கழிச்சா 521 ரூபாய் சொச்சம். ஸ்டிக்கர்ல 520 இருக்கு. சரியாத்தானே கழிச்சிருக்காங்க.

---

மல்லி_கடைக்கணக்கு

மாமா, 695-ன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது? அதைத்தான் நான் தேடிக்கிட்டிருக்கேன் 🙂 கையில இருக்கிறது 520-ம் 25 சதவீதமும் மட்டும்தான்.

---

குறளி_74

உங்க அண்ணன் சொல்றது தப்பு. குறைச்ச அளவையே ஏத்தினா பழைய இடத்துக்கு வராது, கொஞ்சம் அதிகமா ஏத்தணும். எவ்வளவு அதிகம்னா, தள்ளுபடியில மூணுல ஒரு பங்கைக் கூடச் சேர்த்துக்கணும். 25-ல மூணுல ஒண்ணு 8.33. ஆக 33.33 சதவீதம் ஏத்துங்க. 520-க்குப் போட்டா 693 வரும். உங்க 695 அதுதான். எங்க மச்சான் கடையில வருஷா வருஷம் இப்படித்தான் பண்றோம், ஒரு தடவைகூடப் பிசகினது இல்லை.

---

நூல்கண்டு (ஈரோடு)

குறளி, உங்க மச்சான் கடையில வருஷா வருஷம் 25% தள்ளுபடிதானே போடுறாங்க? அதனாலதான் பிசகலை. நீங்க சொன்ன கணக்கு 25-க்கு மட்டும் பொருந்தும். 50% தள்ளுபடிக்குப் போட்டுப் பாருங்க. 50-ம் அதுல மூணுல ஒண்ணும் சேர்த்தா 66.67. ஆயிரம் ரூபாய்ச் சேலை பாதி விலையில 500-க்குப் போச்சு. 500-ஐ 66.67% ஏத்தினா 833. ஆயிரத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. 30%-க்கு நீங்க 40 ஏத்துவீங்க, ஏத்த வேண்டியது ஏறக்குறைய 43.

மல்லி, இதை ஏத்துறது இறக்குறதுன்னு யோசிக்காதீங்க. தள்ளுபடி போட்ட அன்னைக்கு அந்த 25% எதுல கழிஞ்சது? பழைய விலையில. அப்போ ஸ்டிக்கர்ல நிக்கிறது பழைய விலையோட 75%. பழைய விலை நூறு பங்குன்னா 520 ரூபாய்ங்கிறது அதுல 75 பங்கு. ஒரு பங்கு எவ்வளவுன்னு பார்க்க 520-ஐ 75-ஆல வகுங்க, 6.93 வரும். அதை நூறால பெருக்கினா ₹693.33. எந்தத் தள்ளுபடியா இருந்தாலும் இது ஒண்ணுதான் வழி. 40% தள்ளுபடின்னா மிச்சம் 60, அதால வகுத்து நூறால பெருக்குங்க.

அண்ணன் எங்கே வழுக்குறார்னா, அவர் ஏத்துற 25% பழைய விலையில எடுத்தது இல்லை, 520-ல எடுத்தது. கழிச்சது பெரிய தொகைக்கு, ஏத்துறது சின்ன தொகைக்கு. அதனால எப்பவும் கீழேயே நிப்பார். 25% இறக்கி 25% ஏத்தினா பழைய விலையில 93.75% மட்டும்தான் திரும்பும். 695 சட்டைக்கு அவர் 650-ன்னு ஒட்டினா, ஒரு சட்டைக்கு 45 ரூபாய் கேட்காமலே கொடுத்த தள்ளுபடி.

---

குறளி_74

சரி, 50-க்கு வரலைன்னு ஒத்துக்கிறேன். ஆனா 20-க்கு 25 ஏத்தணும்னு சொல்வாங்களே, அதுவும் என் கணக்குக்கு வராதா?

---

நூல்கண்டு

வராது. உங்க கணக்குல 26.67 வரும், சரியான விடை 25. வாய்க்கணக்காத்தான் வேணும்னா இப்படி வச்சுக்கோங்க: 20% போயிருந்தா மிச்சம் நாலு பங்கு, போனது ஒரு பங்கு, அதனால ஸ்டிக்கர் விலையில நாலுல ஒண்ணைச் சேர்க்கணும். 25% போயிருந்தா மூணுல ஒண்ணு. 10%-க்கு ஒன்பதுல ஒண்ணு. 50%-க்கு இன்னொரு மடங்கு. உங்க "மூணுல ஒண்ணு" எங்கே இருந்து வந்ததுன்னு இப்போ தெரியுதா? அது தள்ளுபடியில இல்லை, விலையில சேர்க்க வேண்டிய பங்கு. 25-க்கு ரெண்டும் ஒரே இடத்துல போய் நிக்கும்.

30, 35 மாதிரி வந்தா வாய்க்கணக்கை விட்டுட்டு கால்குலேட்டரை எடுங்க. ₹490-ஐ 7-ஆல வகுத்துப் பத்தால பெருக்கினா 700. மனசுல போட்டுக்கிட்டு நின்னா வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போயிடுவார்.

---

மல்லி_கடைக்கணக்கு

இப்போ புரியுது, நன்றி. ஆனா 693.33 வருது, எங்க டேக் 695. இந்த ரெண்டு ரூபாய் எங்கே போச்சு?

---

நூல்கண்டு

ஸ்டிக்கர் எழுதும்போது பைசாவை விட்டுட்டு பத்து பத்தா முழுசாக்கியிருப்பாங்க. 695-க்கு 25% கழிச்சா 521.25. அதை 520-ன்னு எழுதியிருக்காங்க. திரும்பி வரும்போது அந்தப் பிசிறு கொஞ்சம் பெருத்துத் தெரியும், ஏன்னா 0.75-ஆல வகுக்கிறோம். ஸ்டிக்கர்ல 5 ரூபாய் முன்னே பின்னே இருந்தா பழைய விலையில 6.67 ரூபாய் முன்னே பின்னே ஆகும்.

உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், டேக் விலைகள் 50 ரூபாய் இடைவெளியில இருக்கு. அதனால பிசிறு இருந்தாலும் எந்த விலைன்னு குழப்பம் வராது. 450 ஸ்டிக்கர் 600 காட்டும், அது 595. 480 ஸ்டிக்கர் 640 காட்டும், அது 645. 560-க்கு 746.67 வரும், அது 745. 630-க்கு 840, அது 845. எல்லாமே பக்கத்து டேக் விலைக்கு அஞ்சு ரூபாய்க்குள்ள வந்து விழுது பாருங்க. அப்படி விழுந்தா கணக்கு சரின்னு நம்பலாம். அண்ணனோட 650-ம் 645-க்குப் பக்கத்துல விழுதேன்னு நினைக்க வேண்டாம். 645 சட்டையா இருந்திருந்தா ஸ்டிக்கர்ல 480 இருந்திருக்கும், 520 இருக்காது. எப்பவுமே கிடைச்ச விலையில இருந்து ஒரு தடவை தள்ளுபடியைக் கழிச்சு ஸ்டிக்கர் விலை திரும்ப வருதான்னு பார்த்துடுங்க.

எக்செல்ல போடுறதா இருந்தா, ஏ நிரலில் ஸ்டிக்கர் விலை, பி நிரலில் தள்ளுபடி சதவீதம் போட்டு, சி நிரலில் இது:

```
=A2/(1-B2/100)
```

45, 95-ல முடியுற பக்கத்து விலைக்குக் கொண்டுபோக, டி நிரலில்:

```
=MROUND(C2+5,50)-5
```

---

தேர்வுப்பறவை

இடையில புகுறதுக்கு மன்னிக்கணும், குரூப் 4-க்குப் படிச்சிட்டிருக்கேன். இதே மாதிரி ஒரு கணக்கு எனக்கு இடிக்குது. அடக்க விலை 600. குறித்த விலையில் 20% தள்ளுபடி கொடுத்தும் வியாபாரிக்கு 20% லாபம். குறித்த விலை என்ன? 20 லாபமும் 20 தள்ளுபடியும் ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு 600-தானேன்னு போட்டேன், விடை 900-னு இருக்கு. அச்சுப் பிழையா?

---

குறளி_74

அச்சுப் பிழையா இருக்காது தம்பி. 600-க்கே குறிச்சு அதுலயும் 20% தள்ளினா 480-க்கு விற்பார். லாபம் எங்கே இருந்து வரும்? லாபம் 600 மேலே எடுத்தது, அதனால விற்ற விலை 720. அந்த 720-தான் குறித்த விலையோட 80%. 720-ஐ 80-ஆல வகுத்து நூறால பெருக்கு, 900. (நூல்கண்டு, பாஸ் ஆயிட்டேனா?)

---

நூல்கண்டு

முழு மதிப்பெண் 🙂

---

மல்லி_கடைக்கணக்கு

இன்னொரு சிக்கல். ஆடி கடைசி வாரத்துல, 25% ஸ்டிக்கர் போட்ட சரக்குல கொஞ்சத்துக்கு "மேலும் 10%"னு இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டினோம். அதுக்குப் பி நிரலில் 35 போட்டேன். 470 ஸ்டிக்கர் சட்டை ஒண்ணு, டி நிரலில் 745-னு வந்துச்சு. ஆனா அந்தச் சட்டையும் முதல்ல பார்த்த 695 சட்டையும் ஒரே கம்பெனி, ஒரே துணி, ஒரே கட்டுல வந்தது. அதெப்படி 745 ஆகும்?

---

நூல்கண்டு

நல்லவேளை கண்ணுல பட்டுச்சு. அந்த 10% எதுல கழிஞ்சது? ஏற்கெனவே குறைஞ்ச 520-ல. பழைய விலையில இல்லை. அதனால 25-ம் 10-ம் சேர்ந்து 35 ஆகாது. முதல்ல 75% மிச்சம், அந்த 75-ல 90% மிச்சம், அதாவது 67.5%. மொத்தத் தள்ளுபடி 32.5%தான். பி நிரலில் 32.5 போடுங்க. 470-ஐ 0.675-ஆல வகுத்தா 696.30, டி நிரலில் 695 வந்துடும்.

ஸ்டிக்கர் ஒட்டின வரிசையில பின்னாலிருந்து போனாலும் சரிதான். முதல்ல 0.9-ஆல வகுத்துக் கடைசி 10%-ஐ எடுங்க, அப்புறம் 0.75-ஆல வகுங்க. எந்த வரிசையில வகுத்தாலும் விடை ஒண்ணுதான். ஆனா முதல்ல 10%, அப்புறம் ஒரு 50 ரூபாய் கூப்பன்னு கலந்து கொடுத்திருந்தா வரிசை மாறக்கூடாது. கடைசியில கழிச்ச ரூபாயை முதல்ல கூட்டணும், அதுக்கு அப்புறம்தான் வகுக்கணும்.

என் சூத்திரத்துலயும் ஒரு ஆபத்து இருக்கு, அதை உங்க கேள்விதான் காட்டிக் கொடுத்தது. 35 போட்டப்போ சி நிரலில் 723 வந்திருக்கும். அது 695-க்கும் கிட்ட இல்லை, 745-க்கும் கிட்ட இல்லை, நடுவுல அந்தரத்துல நிக்குது. அதைப் பார்த்ததும் சதவீதம் தப்புன்னு சந்தேகப்பட்டிருக்கணும். ஆனா டி நிரல் சத்தமில்லாம அதை 745-க்கு இழுத்துக்கிட்டுப் போய் ஒட்டிருச்சு. அதனால ஈ நிரலில் சி-க்கும் டி-க்கும் உள்ள வித்தியாசத்தைப் போட்டு வைங்க. ஒரே ஸ்டிக்கர் சரக்குக்கு அது 7 ரூபாயைத் தாண்டக்கூடாது. ரெண்டு ஸ்டிக்கர் சரக்குக்கு ரெண்டு தடவை முழுசாக்கியிருக்கிறதால 14, 15 வரைக்கும் விடலாம். அதுக்கு மேல போனா அந்தச் சட்டையைத் தனியா எடுத்து வையுங்க. ஒண்ணு ஸ்டிக்கரைத் தப்பா எழுதியிருப்பாங்க, இல்லைன்னா நீங்க நினைக்கிற தள்ளுபடி அதுக்குப் போட்டிருக்க மாட்டாங்க.

---

சென்னை_வெயில்

ஆன்லைன்ல ஒரு குர்தா ₹1,199, "35% தள்ளுபடி"ன்னு காட்டுச்சு. வாங்கிட்டேன். இப்போ ஆர்டர் பக்கத்துல பழைய விலை காட்டலை. நூல்கண்டு சொன்ன மாதிரி 0.65-ஆல வகுத்தா 1844.62 வருது. இப்படி ஒரு விலை இருக்குமா?

---

நூல்கண்டு

இருக்காது. உங்க கணக்குல பிசிறு விலையில இல்லை, சதவீதத்துல. திரையில 35%-ன்னு காட்டுறது முழு எண்ணாக்கின சதவீதமா இருக்கலாம். உண்மையில 34.5-ல இருந்து 35.5 வரைக்கும் எதுவா இருந்தாலும் 35-ன்னுதான் தெரியும். ரெண்டு ஓரத்துக்கும் போட்டுப் பார்த்தா பழைய விலை சுமார் 1,831-க்கும் 1,858-க்கும் நடுவுல எங்கேயோ இருக்கு. அதுக்குள்ள 99-ல முடியுற விலை இல்லை, 49-ல முடியுற 1,849 இருக்கு. அது 35.15% வரும், பொருந்துது. ஆனா 1,839-ம் பொருந்தும், 1,850-ம் பொருந்தும். என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. பில்லை இறக்கிப் பாருங்க, சில பில்லுல மொத்த விலை, தள்ளுபடின்னு தனித்தனியா இருக்கும்.

---

திண்ணை_மாமா

அந்த 1,849-க்கு என்னைக்காவது ஒருத்தருக்காவது வித்திருப்பானா, முதல்ல அதைக் கேளு. கோடு போட்டு அடிக்கிறதுக்குன்னே ஒரு விலை.

---

சென்னை_வெயில்

அது வேற விவாதம் மாமா 😄

---

பவானி_கரை

எனக்கும் ஒரு பில் இருக்கு. துணிக்கடையில 20% தள்ளுபடியில தச்ச சுடிதார் செட் ஒண்ணு எடுத்தேன். கையை விட்டுப் போனது ₹2,520. 80-ஆல வகுத்து நூறால பெருக்கினா 3,150 வருது. ஆனா கடையில 3,000 அட்டை பார்த்த மாதிரி ஞாபகம். ஏமாத்திட்டாங்களா?

---

நூல்கண்டு

அவசரப்படாதீங்க, பில்லுல ஜிஎஸ்டி தனியாக் கூட்டியிருக்கான்னு பாருங்க. அட்டை விலை வரி சேராததா இருந்தா, 3,000-ல 20% போய் 2,400. அதுக்கு மேல 5% வரி 120. மொத்தம் 2,520. உங்க ஞாபகமும் சரி, பில்லும் சரி. அப்போ திரும்பி வரும்போது முதல்ல 1.05-ஆல வகுத்து வரியை எடுக்கணும், அப்புறம் 0.8-ஆல வகுக்கணும். வரி சேர்ந்த விலையை அட்டையில போட்டிருந்தாத்தான் உங்க 3,150 சரி. வெறும் 2,520-ஐ வச்சு ரெண்டுல எதுன்னு சொல்ல வழியே இல்லை, பில்தான் சொல்லணும்.

---

குறளி_74

ஆடைக்கு இப்போ 18% ஆச்சேன்னு கேள்விப்பட்டேன். 3,000 ரூபாய் உடுப்புக்கு எப்படி 5% போடுவாங்க?

---

நூல்கண்டு

2025 செப்டம்பர் 22-ல இருந்து தைத்த உடுப்புக்கு, ஒரு உருப்படி விற்பனை மதிப்பு ₹2,500 வரைக்கும் 5%, அதுக்கு மேல 18%. பார்க்க வேண்டியது அட்டை விலையை இல்லை, பில்லுலயே தள்ளுபடி கழிச்ச பிறகு நிக்கிற விலையை. இங்கே அது 2,400, அதனால 5%. தள்ளுபடியே இல்லாம 3,000-க்கு வித்திருந்தா 18% போட்டு 3,540 ஆகியிருக்கும்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. வரியைத் தனியாக் கூட்டுற கடையில, 2,500-க்கு 5% சேர்த்தா 2,625. 2,500-ஐத் தாண்டின உடனே 18% சேர்ந்து 2,950-க்கு மேல போயிடும். அதனால ஒரே ஒரு உடுப்புக்கு 2,700, 2,800-னு பில் வரவே வராது. அப்படி ஒரு தொகை கையில இருந்தா வேற எதையோ சேர்த்திருக்காங்கன்னு அர்த்தம். ஆல்ட்ரேஷன் கூலியோ, பையோ, இல்லை ரெண்டு உருப்படியோ. சேலைக்கு இந்தக் கணக்கைப் போடாதீங்க, அது தைக்காத துணி, அதுக்கு இந்த 2,500 கோடு கிடையாது.

---

பவானி_கரை

பில்லைத் தேடி எடுத்துட்டேன். வரி தனியாத்தான் போட்டிருக்கு, சிஜிஎஸ்டி 60, எஸ்ஜிஎஸ்டி 60. கடைக்காரரை மனசுக்குள்ள திட்டினதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.

---

திண்ணை_மாமா

மல்லி, ஒரு விஷயம் கேட்கணும்னு இருந்தேன். எல்லாச் சட்டையும் உங்க கடை அட்டைதானா? கம்பெனிச் சட்டையில எம்ஆர்பி அச்சடிச்சே வருமே. அதுக்கு எதுக்கு இவ்வளவு கணக்கு? ஸ்டிக்கரை உரிச்சுப் பாரேன்.

---

நூல்கண்டு

மாமா சொன்னது முக்கியமான விஷயம். அச்சடிச்ச எம்ஆர்பி இருந்தா அதுதான் கடைசி வார்த்தை, கணக்குல என்ன வந்தாலும் அதுக்கு மேல ஒட்டக்கூடாது. எம்ஆர்பின்னா வரி எல்லாம் சேர்ந்த விலை, அதுக்கு மேல ஜிஎஸ்டியும் கேட்கக்கூடாது. 2011-ஆம் வருஷத்து பொட்டலப் பொருள் விதிகள்ல, விலையைக் குறைச்சு ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனா அந்த ஸ்டிக்கர் கம்பெனி அச்சடிச்ச எம்ஆர்பியை மறைக்கக்கூடாதுன்னு இருக்கு. அதனால முறையா ஒட்டியிருந்தா பழைய விலை பக்கத்துலயே தெரியணும். தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்தா முதல்ல இதைத்தான் பார்ப்பார்.

---

மல்லி_கடைக்கணக்கு

கம்பெனிச் சட்டை ரெண்டு அலமாரிதான், அதுல அட்டை அப்படியே இருக்கு. மிச்சமெல்லாம் திருப்பூர்ல இருந்து கட்டா வாங்கி நாங்களே அட்டை எழுதிக் கட்டினது. பில்லிங் மிஷின்லயும் "சட்டை"ன்னு ஒரே பேர்லதான் ஏத்தியிருக்கு, அதனால அங்கேயும் பழைய விலை இல்லை.

நேத்து ராத்திரி பெரியவங்க சட்டை எல்லாம் முடிச்சுட்டேன். ஈ நிரலில் 7-ஐத் தாண்டினது அஞ்சாறுதான். எல்லாமே ஒரே கையெழுத்து, 30% போட்டு எழுதியிருக்காங்க போல, 30 போட்டா அழகா வந்து உட்காருது. அண்ணன் கையெழுத்துதான். கேட்கலை, விட்டுட்டேன்.

குழந்தைங்க துணிதான் இப்போ பாடாப் படுத்துது. அதுல டேக் விலை 10 ரூபாய் இடைவெளி: 245, 255, 265-ன்னு போகும். 210 ஸ்டிக்கர் போட்டதை 0.75-ஆல வகுத்தா 280 வருது. அது 275-ஆ 285-ஆ?

---

நூல்கண்டு

275-க்கு 25% போனா 206.25, 285-க்குப் போனா 213.75. ரெண்டுமே பத்துக்கு முழுசாக்கினா 210. ஸ்டிக்கர் எழுதின அன்னைக்கே ரெண்டு விலையும் ஒண்ணாக் கலந்துருச்சு, இனி எந்தக் கணக்கும் பிரிச்சுத் தராது. கொள்முதல் பில்லுல ரெண்டும் வேற வேற விலைக்கு வந்திருந்தா அதை வச்சுப் பிரிக்கலாம். 190, 200 ஸ்டிக்கர் போட்டதுக்கு இந்தத் தொல்லை இல்லை, 190-க்கு 255, 200-க்கு 265-ன்னு ஒவ்வொரு விலைதான் பொருந்தும்.

---

குறளி_74

கொள்முதல் பில்லும் ஒரே விலையா இருந்தா 285 போடுங்க. அஞ்சு பத்து எங்கேயாவது நிக்கட்டும்.

---

திண்ணை_மாமா

275 போடு. பழைய விலைக்கு மேல வித்தான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக்கூடாது.

---

மல்லி_கடைக்கணக்கு

அப்பா 280-ன்னு ஒட்டச் சொல்றார் 😅 கொள்முதல் பில் கட்டைத் தேடிட்டு வர்றேன்.